சாம்பார் ஏன் அத்தியாயத்துக்கு ஒரு நிறம்? வொயிட் பேலன்ஸ், லட் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பாளையங்கோட்டையில் அத்தை வீட்டு அடுப்படியில் வைத்து அவருடைய சமையலை எட்டு அத்தியாயங்களாக எடுத்தேன். கிழக்கே பார்த்த ஜன்னல் ஒன்று, உத்தரத்தில் ஒரு எல்.இ.டி. டியூப், அடுப்புக்கு மேலே சிம்னி. கேமரா இரண்டு: ஒன்று முகத்துக்கு எதிரே, ஒன்று அடுப்புக்கு நேர் மேலே. நான்கு அத்தியாயம் முடிந்ததும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "ஏல, நேத்து வச்ச சாம்பாரு ஒரு நிறம், இன்னைக்கு வச்சது ஒரு நிறமால்லா தெரியுது? ரெண்டுக்கும் ஒரே பொடிதாம்ல."

எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே லட் போட்டிருந்தேன். ஒரே லட் போட்டால் ஒரே தோற்றம் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அது வராது. ஏன் வராது, எங்கே கை வைத்தால் வரும் என்பதைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வீடியோவில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு வார்த்தையின் பொருள் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

வொயிட் பேலன்ஸ் என்பது "இந்த வெளிச்சத்தில் எது வெள்ளை" என்று கேமராவுக்குச் சொல்வது. லட் என்பது ஒரு அட்டவணை. `.cube` என்று முடியும் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் தெரியும், தொடக்கம் இப்படி இருக்கும்:

```
TITLE "samayal_v1"
LUT_3D_SIZE 33
```

அதற்குக் கீழே வரிக்கு மூன்று எண்களாக 33×33×33, அதாவது 35,937 வரிகள். இந்த நிறம் உள்ளே வந்தால் அந்த நிறத்தை வெளியே கொடு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உள்ளே வருவது அத்தையின் முகமா, சுவரா, காலையில் எடுத்ததா, மழை நாளில் எடுத்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு ஷாட் வேறு வேறு நிறத்தில் உள்ளே போனால் வேறு வேறு நிறத்தில்தான் வெளியே வரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறு தானாகவே புரியும்.

## ஒரே ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறம் நகர்கிறது

அத்தை அரக்குப் புடவையில் குனிந்து அடுப்பைப் பார்க்கிறார். சட்டம் முழுக்கச் சிவப்பு நிறைகிறது. இரண்டு நொடியில் பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவர் லேசாக நீலப்பச்சை ஆகிறது. அவர் நிமிர்ந்ததும் சுவர் பழையபடி வெள்ளைக்குத் திரும்புகிறது.

இது ஆட்டோ வொயிட் பேலன்ஸின் வேலை. சட்டத்தில் ஒரு நிறம் அதிகமாக நிறைந்தால் அது வெளிச்சத்தின் நிறமோ என்று கேமரா சந்தேகப்படுகிறது. அதை ஈடுகட்ட எதிர்ப் பக்கம் தள்ளுகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள வழி எளிது: சுவர், தரை, எவர்சில்வர் டப்பா என அசையாத ஏதாவது ஒரு பொருளை மட்டும் பார்த்துக்கொண்டே ஷாட்டை வேகமாக ஓட்டுங்கள். வெளிச்சம் மாறாதபோதும் அந்தப் பொருளின் நிறம் மாறினால் ஆட்டோதான் காரணம்.

எடுத்து முடித்த ஷாட்டை முழுதாகக் காப்பாற்றுவது கடினம். நிறம் நகரத் தொடங்கும் இடத்திலும் நின்ற இடத்திலும் வெட்டி, நடுத்துண்டைத் தனியாகத் திருத்தலாம். நகர்ந்துகொண்டிருக்கும் அந்த ஓரிரு நொடியைக் கீஃப்ரேம் போட்டு ஈடுகட்ட வேண்டும், அல்லது மேல் கேமராவின் ஷாட்டைப் போட்டு மறைக்க வேண்டும். நான் பெரும்பாலும் மறைத்துவிடுவேன். கீஃப்ரேமில் ஒரு மணி நேரம் போகும், அப்படியும் கண் கண்டுபிடித்துவிடும்.

இனிமேல் எடுப்பதற்கு ஆட்டோவை அணைத்துவிடுங்கள். போனில் எடுப்பவர்கள் நிறத்தைப் பூட்டி வைக்கிற ஆப் ஒன்றைப் பயன்படுத்துங்கள். Blackmagic Camera இலவசம். ஐபோனுக்கும் சில ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கிறது. அதில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கையால் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

## ஷாட்டுக்குள் நகரவில்லை, ஆனால் நாளுக்கு நாள் மாறுகிறது

ஆட்டோவை அணைத்துவிட்டு Daylight பிரீசெட்டில் வைத்தீர்கள். எல்லா நாளும் அதே பிரீசெட்தான். ஆனால் மூன்றாம் அத்தியாயம் இதமாக இருக்கிறது, நான்காவது நீலமாக இருக்கிறது.

பிரீசெட் எதையும் அளப்பதில்லை. Daylight என்றால் ஏறக்குறைய 5,200 முதல் 5,600 கெல்வின் வரை உள்ள ஒரு நிலையான எண், அவ்வளவுதான். பல்புக்குரிய பிரீசெட் என்றால் 3,200 அளவில் இன்னொரு எண். எண் நகராமல் நிற்கும், வெளிச்சம் நிற்காது. ஜன்னலில் காலை ஒன்பது மணி வெயில் வரும்போது 5,500 சரியாக இருக்கும். வானம் மூடிவிட்டால் அதே ஜன்னல் 7,000-ஐத் தாண்டிவிடும், அப்போது 5,500-இல் எடுத்தால் நீலம் ஏறும். கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளுக்கு நகரும், குறைத்தால் நீலத்துக்கு நகரும். இந்தத் திசையை முதலில் பழகிக்கொள்ளுங்கள், பலரும் தலைகீழாகத் திருகிவிட்டுக் குழம்புகிறார்கள்.

சின்ன எண்களில் எச்சரிக்கை அதிகம் தேவை. 3,000-இலிருந்து 3,100-க்குப் போனால் கண்ணுக்குத் தெரியும். 6,000-இலிருந்து 6,100-க்குப் போனால் அநேகமாகத் தெரியாது. நிற மாற்றம் கெல்வினோடு நேராக ஏறாமல், பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வரும் எண்ணோடு ஏறுவதே காரணம். அந்த எண்ணுக்கு மையர்டு என்று பெயர். 3,000-க்கு 333, 3,100-க்கு 323, பத்து புள்ளி வித்தியாசம். 6,000-க்கும் 6,100-க்கும் நடுவே மூன்று புள்ளிகூட இல்லை.

இதற்கு மருந்து கஸ்டம் வொயிட் பேலன்ஸ். ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக, முகம் இருக்கப்போகும் இடத்தில் சாம்பல் நிற அட்டையைக் கேமராவைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி அளந்துவிடுங்கள். சோனி கேமராக்களில் Custom 1, 2, 3 என்று மூன்று இடத்தில் சேமிக்கலாம். காலை வெயிலுக்கு ஒன்று, மூடிய வானத்துக்கு ஒன்று, ஜன்னலைச் சாத்தி டியூப் மட்டும் எரிவதற்கு ஒன்று என்று நான் வைத்திருக்கிறேன். அளந்ததும் திரையில் கெல்வின் எண்ணும் பச்சை-மெஜந்தா திருத்தமும் காட்டும். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் மாறிவிட்டால் மறுபடி அளக்க வேண்டும், பழைய சேமிப்பு உதவாது.

எதை வைத்து அளப்பது என்பதில் நான் நிறையத் தவறியிருக்கிறேன். ஏ4 தாள் பளிச்சென்று இருக்கிறதே என்று அதை வைத்தேன். அந்தத் தாளில் வெளுப்பேற்றும் பொருள் கலந்திருக்கும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கி அது நீலமாக ஒளிவிடும். கேமரா அந்த நீலத்தை ஈடுகட்டப்போய் மொத்தப் படத்தையும் மஞ்சளாக்கிவிடும். ஒரு நாள் அட்டையை மறந்துபோய் இட்லியை வைத்தே அளந்தேன். இட்லி வெள்ளை அல்ல, உளுந்தின் லேசான மஞ்சள் அதில் உண்டு. அன்றைக்கு எடுத்தது முழுக்க நீலம் தட்டியது. எவர்சில்வர் தட்டு இன்னும் மோசம், பக்கத்தில் இருக்கிற புடவையின் நிறத்தைத்தான் காட்டும். புகைப்படக் கடையில் கிடைக்கும் 18 சதவீத சாம்பல் அட்டை ஒன்றை வாங்கி, மஞ்சள்தூள் கை படாத இடத்தில் வையுங்கள்.

அளந்த பிறகு அதே அட்டையை ஐந்து நொடி இரண்டு கேமராவிலும் பதிவும் செய்துகொள்ளுங்கள். இரண்டு கேமராவிலும் 5,600 என்று வைத்தாலும் இரண்டும் ஒரே நிறத்தைத் தராது. ஒவ்வொரு நிறுவனமும் அந்த எண்ணைத் தன் போக்கில் பொருள்கொள்கிறது. அந்த ஐந்து நொடிப் பதிவுதான் பின்னால் கைகொடுக்கும்.

## முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள்

எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் கெடுகிறது என்றால் இரண்டு நிற வெளிச்சம் விழுகிறது. அடுப்படியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு எவர்சில்வர் மூடி போதும். அதைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: ஜன்னல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அதன் பக்கத்திலேயே சிம்னி விளக்கு ஒரு ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. சிம்னிக்குள் இருந்த சின்ன மஞ்சள் விளக்கு கடாய் மேலும் அத்தையின் வலது கன்னத்திலும் விழுந்துகொண்டிருந்தது.

வொயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் ஒரே பக்கமாகத்தான் தள்ளும், லட்டுக்கோ எது எந்தக் கன்னம் என்று தெரியாது. இரண்டாலும் இதைத் தீர்க்க முடியாது. சிம்னி விளக்கை அணைத்தேன், சரியானது. அணைக்க முடியாத இடமென்றால் பல்பை ஜன்னலோடு ஒத்துப்போகிற நிறத்துக்கு மாற்ற வேண்டும். பெட்டியில் கெல்வின் அச்சிட்டிருக்கும். நம் கடைகளில் அதிகம் விற்கும் கூல் டேலைட் 6,500, வார்ம் வொயிட் 3,000 அளவில் இருக்கும்.

எண் பொருந்தியும் முகம் பச்சை தட்டினால், அல்லது மிளகாய் வற்றல் சிவப்பில்லாமல் பழுப்பாகத் தெரிந்தால், அது விளக்கின் தரம். பச்சையை டின்ட் ஸ்லைடரில் மெஜந்தா பக்கம் தள்ளிப் போக்கலாம். ஆனால் விளக்கில் இல்லாத சிவப்பை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. பெட்டியில் சி.ஆர்.ஐ. எண் பெரிதாகப் போட்டிருந்தாலும் அது எட்டு வெளிறிய நிறங்களின் சராசரிதான், அழுத்தமான சிவப்பு அதில் சேராது. அந்தச் சிவப்புக்கு ஆர்9 என்ற தனி மதிப்பு உண்டு. வீடியோ விளக்கு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

## லட் போட்டதும் இருட்டு கறுத்து, வெள்ளை எரிந்து, நிறம் கொதிக்கிறது

லட்டுக்கு ஏற்ற தீனி போகவில்லை. லட்டில் இரண்டு வகை உண்டு. லாக் முறையில் எடுத்த வெளிறிய படத்தைச் சாதாரணப் படமாக மாற்றுவது ஒன்று, இது தொழில்நுட்ப லட். ஏற்கனவே சாதாரணமாக இருக்கிற படத்துக்குத் தோற்றம் கொடுப்பது இன்னொன்று. முதல் வகையைச் சாதாரணப் படத்துக்குப் போட்டால் மேலே சொன்னபடி ஆகும். இரண்டாம் வகையை லாக் படத்துக்குப் போட்டால் சாம்பல் பூசியது போலவே இருக்கும், வண்ணம் மட்டும் கொஞ்சம் மாறும்.

எங்கே தவறு என்று கண்டுபிடிக்கப் பலர் சாம்பல் அட்டையைப் பார்க்கிறார்கள். சோனியின் லாக் முறையான எஸ்-லாக்3-இல் அது ஏமாற்றிவிடும். 10 பிட் அளவில், எஸ்-லாக்3-இல் 18 சதவீத சாம்பல் 420-இல் உட்காரும், அதாவது 41 சதவீத உயரம். சாதாரண ரெக்.709 படத்திலும் சாம்பல் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே தப்பான லட் போட்டாலும் அட்டை பெரிதாக நகராது. கறுப்பையும் வெள்ளையையும் பாருங்கள். எஸ்-லாக்3-இல் முழுக் கறுப்பு 95-இல் இருக்கும், வெள்ளைத் தாள் 598-இல்தான் இருக்கும். இந்த இரண்டையும் இரு ஓரத்துக்கு இழுப்பதற்கென்றே செய்தது அந்த லட். சாதாரணப் படத்தில் வெள்ளை வேட்டி ஏற்கனவே உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். அதை இன்னும் மேலே இழுத்தால் மடிப்பு ஒன்றும் மிஞ்சாது.

என் ஐந்தாம் அத்தியாயத்தில் இதுதான் நடந்தது. கோயில் திருவிழாவில் புளியோதரை வாங்குகிற காட்சியை மட்டும் போனில் எடுத்திருந்தேன், அதற்கும் லாக் லட்டையே ஒட்டிவிட்டேன். போன் கிளிப்புகளுக்குத் தொழில்நுட்ப லட்டை எடுத்துவிட்டுத் தோற்ற லட்டை மட்டும் போட்டதும் அடங்கியது. போன் எச்.டி.ஆர்.-இல் எடுத்திருந்தால் அதை முதலில் ரெக்.709-க்கு மாற்றிவிட்டுத்தான் தோற்ற லட் போட வேண்டும்.

வெளிச்சம் சரியாகி, நிறம் மட்டும் கொஞ்சம் பிசகினால், கேமரா பதிவு செய்யும் நிறங்களின் எல்லையான கலர் காமட்டைப் பாருங்கள். சோனியில் S-Gamut3 வேறு, S-Gamut3.Cine வேறு. கேமராவில் வைத்ததும் லட்டின் பெயரில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

## லட் சரியானதுதான், ஆனாலும் அத்தியாயங்கள் ஒட்டவில்லை

இதுதான் என் சாம்பார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் அத்தியாயம் காலை வெயில். நான்காம் அத்தியாயம் மழை மூடிய மாலை. அன்று கஸ்டம் அளக்காமல் Daylight-இலேயே எடுத்துவிட்டேன், ஆனால் அட்டையைப் பதிவு செய்திருந்தேன். டாவின்சி ரிசால்வில் Color பக்கத்தைத் திறந்து, லட்டை அணைத்துவிட்டு, இரண்டு அத்தியாயத்தின் அட்டையையும் Parade ஸ்கோப்பில் பார்த்தேன். முதல் அத்தியாயத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 420-ஐ ஒட்டி ஒரே மட்டத்தில் இருந்தன. நான்காவதில் சிவப்பு 398, பச்சை 418, நீலம் 446. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே 48 புள்ளி.

லட் இல்லாமல் பார்த்தால் இந்த 48 அவ்வளவாக உறுத்தவில்லை, லாக் படமே வெளிறித்தான் இருக்கும். லட்டைப் போட்டதும் உறுத்தியது. நடு வெளிச்சத்தில் தொழில்நுட்ப லட் படத்தை நன்றாக விரிக்கிறது, அதோடு இந்த வித்தியாசமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. ஷாட்டுகளுக்கு நடுவில் இருக்கிற வேறுபாட்டை லட் குறைக்காது, கூட்டித்தான் காட்டும். ஆகவே லட்டுக்கு முன்னால் திருத்த வேண்டும்.

லட் போட்ட நோடுக்கு முன்னால் ஒரு நோடு சேர்த்து, அதில் Offset சக்கரத்தின் சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைத்தேன், அட்டையின் மூன்று நிறமும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை. Gain-ஐத் தொடவில்லை. வெளிச்சத்தின் நிறம் மாறும்போது ஒவ்வொரு நிறமும் ஒரு மடங்கால் பெருகுகிறது. லாக்கில் பெருக்கல் கூட்டலாகிவிடும், ஆகவே லாக் படத்தில் வொயிட் பேலன்ஸுக்கு Offset-தான் பொருத்தம். Gain-இல் திருத்தினால் அட்டை சரியாகும், நிழல் வேறு நிறத்தில் நிற்கும். அட்டையில் திருத்தியதை அந்த நாளின், அந்தக் கேமராவின் எல்லாக் கிளிப்புக்கும் நகல் எடுத்தேன். மேல் கேமராவுக்கு அதன் சொந்த அட்டையை வைத்துத் தனியாகச் செய்தேன்.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறாம் அத்தியாயத்தில் நிறம் எண்ணளவில் பொருந்தியும் கடாயில் வதங்கும் வெங்காயம் நீலப்பச்சை ஏறிக் கிடந்தது. அன்று மேல் கேமரா ஒரு ஸ்டாப் இருட்டாக எடுத்திருந்தது. என் தோற்ற லட் நிழலுக்கு நீலப்பச்சையும் நடு வெளிச்சத்துக்கு இதமான மஞ்சளும் கொடுப்பது. ஒரு ஸ்டாப் இறங்கியதால் வெங்காயம் லட்டின் நிழல் பகுதிக்குள் போய் விழுந்துவிட்டது. அட்டை 420-க்குப் பதில் 345 பக்கம் இருந்தது. அதே நோடில் Offset-இன் மொத்த உயரத்தைக் கூட்டி 420-க்குக் கொண்டுவந்ததும் வெங்காயம் பொன்னிறமானது. அன்றிலிருந்து நிறத்தைப் பார்க்கும் முன் உயரத்தைப் பார்க்கிறேன். நிறத்துக்கு மட்டும் அட்டை என்று நினைத்திருந்தேன், வெளிச்சத்துக்கும் அதேதான் அளவுகோல்.

இதை ஒழுங்காக வைத்திருக்க ரிசால்வின் குரூப் வசதி உதவும். அத்தியாயத்தின் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து ஒரு குரூப்பில் சேருங்கள். கிளிப்புக்குரிய திருத்தம் Clip மட்டத்தில். எல்லோருக்கும் பொதுவான லட்டுகள் Group Post-Clip மட்டத்தில். Post-Clip எப்போதும் பின்னால்தான் வேலை செய்யும், வரிசை தவறவே தவறாது. போன் கிளிப்புகளுக்குத் தொழில்நுட்ப லட் வேண்டாமல்லவா, அவற்றுக்கு வேறு குரூப். பிரீமியரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: Lumetri-யில் Input LUT போட்டால் அது ஸ்லைடர்களுக்கு முன்பே வேலை செய்துவிடும். அதே Lumetri-யில் நிறத்தைத் திருத்தினால் லட்டுக்குப் பிறகு திருத்துகிறீர்கள். இன்னொரு Lumetri-யை அதற்கு மேலே சேர்த்து அதில் திருத்துங்கள்.

அட்டையே எடுக்காத அத்தியாயம் என்ன ஆவது? முதல் அத்தியாயத்தில் ஒரு நல்ல சட்டத்தை Grab Still செய்து, புதிய ஷாட்டோடு பாதிக்குப் பாதி வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கிற மாறாத பொருளைத் தேடுங்கள். எனக்கு அது அடுப்பு மேடைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை டைல்ஸ். பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கி வெக்டர்ஸ்கோப்பில் பாருங்கள். அதில் சருமத்துக்கென்று ஒரு கோடு போட்டுக் காட்டும் வசதி உண்டு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, சரியான வெளிச்சத்தில் எல்லோருடைய சருமமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும், கோட்டில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அத்தை மஞ்சள் பூசிக் குளித்த நாளில் கோடு விலகத்தான் செய்யும். அன்றைக்கு டைல்ஸை நம்பினேன், முகத்தை விட்டுவிட்டேன். மஞ்சள் பூசிய முகம் மஞ்சளாகத் தெரிவதுதானே நியாயம்.

## லட்டைக் குறைத்தால் படம் வெளிறுகிறது

லட் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது என்று Key பகுதியில் Key Output-இன் Gain-ஐ 1-இலிருந்து 0.6-க்கு இறக்கினீர்கள். தோற்றம் குறைவதற்குப் பதில் படமே சாம்பல் பூத்துவிட்டது. ஒரே கோப்பில் லாக் மாற்றமும் தோற்றமும் சேர்ந்திருக்கிற லட் அது. நாற்பது சதவீதம் மாறாத லாக் படத்தைக் கலந்துவிட்டீர்கள். அந்த வகை லட்டை முழுதாகத்தான் போட முடியும். குறைத்துக் கூட்டிப் பயன்படுத்த வேண்டுமென்றால் தொழில்நுட்ப லட் ஒரு நோடிலும் தோற்ற லட் அடுத்த நோடிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். தொடர் எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கேமராவை மாற்றினாலும் தொழில்நுட்ப லட்டை மட்டும் மாற்றினால் போதும்.

## பழைய அத்தியாயத்தைத் திறந்தால் நிறம் மாறியிருக்கிறது

வெளியிட்ட மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தலாம் என்று திறந்தேன். நிறமே வேறாக இருந்தது. லட்டை இடையில் மெருகேற்றி, அதே பெயரில் அதன் மேலேயே சேமித்திருந்தேன். புராஜெக்ட் லட்டை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, கோப்பின் பெயரைத்தான் வைத்துக்கொள்கிறது. அந்தப் பெயரில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதையே போடும். வேறு கணினிக்குப் புராஜெக்ட்டைக் கொண்டுபோகும்போது லட் கோப்பு கூட வராவிட்டால் தோற்றமே காணாமல் போவதும் இதனால்தான்.

லட்டின் பெயரில் `samayal_v1.cube`, `samayal_v2.cube` என்று எண் சேருங்கள். ஒன்றை வெளியிட்டுவிட்டால் அந்தக் கோப்பை மறுபடி தொடாதீர்கள். தொடரின் நடுவில் மாற்றத்தான் வேண்டுமென்றால் புதிய எண், அதுவும் அடுத்த தொடருக்கு. ரிசால்வில் Generate LUT மூலம் நீங்களே லட் செய்யும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு வெளிச்சம் கூட்டியது, ஓரத்தை இருட்டாக்கியது, இரைச்சல் குறைத்தது எதுவும் அதில் வராது. அட்டவணைக்கு நிறம் தெரியும், படத்தில் இடம் தெரியாது. அவையும் வேண்டுமென்றால் லட்டாக எடுக்காமல் Gallery-யில் PowerGrade ஆல்பத்தில் சேமியுங்கள், அடுத்த புராஜெக்ட்டிலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

## எதைச் செய்தாலும் தோசை மாவு வெள்ளையாகவில்லை

கடைசியாக, திருத்த முடியாதது ஒன்று. காலை வெயில் மாவுப் பாத்திரத்தில் நேராக விழுந்தது. மாவு எரிந்து, அதில் சிவப்பு உச்சியில் முட்டி நின்றது, நீலம் முட்டவில்லை. Parade-இல் அந்த இடத்தில் சிவப்பு கத்தியால் வெட்டியது போல் தட்டையாக இருக்கும், அதுதான் அடையாளம். முட்டி நின்ற நிறத்தில் எத்தனை இருந்தது என்ற தகவலே பதிவில் இல்லை. நிறத்தைத் திருத்தினால் மற்ற இடமெல்லாம் சரியாகி, மாவில் மட்டும் ஒரு சாயம் நிற்கும். அந்த வெளிச்சமான பகுதியில் மட்டும் வண்ணத்தைக் குறைத்துச் சாம்பலாக்கி ஓரளவு மறைத்தேன். இன்னொரு முறை எடுக்க முடிந்தால் எடுப்பதே மேல். அத்தை மறுநாளும் மாவு அரைத்தார், ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி வெயிலை மட்டுப்படுத்திவிட்டு, அட்டையை மறுபடி அளந்து எடுத்தோம்.